முதல் மீட்டிங் முடிந்த அன்றே போக வேண்டிய மெயில்

திருப்பூரில் பையரோடு முதல் மீட்டிங் முடிந்தால், அன்று சாயங்காலமே மெர்ச்சன்டைசர் ஒரு நன்றி மெயில் தட்டிவிடுவது வழக்கம். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, உங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஆவலாக இருக்கிறோம், அன்புடன் இன்னார். மூன்றே வரி. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த பையர் ஊர் திரும்புவதற்குள் இன்னும் நாலைந்து ஃபேக்டரி ஏறி இறங்கியிருப்பார். அத்தனை பேரும் அதே மூன்று வரியைத்தான் அனுப்பியிருப்பார்கள். யாரிடம் எந்தத் துணியைப் பார்த்தோம், யார் எப்போது சாம்பிள் தருகிறேன் என்றார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் கலங்கிப் போயிருக்கும்.

அந்த மெயிலில் நன்றியோடு கூட, என்ன முடிவானது, யார் எதை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், அடுத்து எப்போது பேசப் போகிறோம் என்பதையும் சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. ஜெர்மனியில் ஒரு சின்ன பிராண்டின் சோர்சிங் மேனேஜர், பெங்களூரிலிருந்து வந்த பையிங் ஏஜென்ட்டோடு எங்கள் யூனிட்டுக்கு வந்தார். ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், மூன்று கலர், மொத்தம் 6,000 பீஸ். பையிலிருந்து பழைய டி-ஷர்ட் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, "பாருங்கள், திரும்பிப் போகவில்லை" என்றார். ரிப் நெளிநெளியாக அப்படியே நின்றது. போன சப்ளையர் கொடுத்த மால். எங்களிடம் அவர் வந்த காரணமே அதுதான். பிறகு துணி, கலர், விலை, ஆர்கானிக் என்று பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடியது. அன்று இரவு போன மெயில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

பொருள்: நன்றி – 17 அக்டோபர் மீட்டிங் முடிவுகள் – ஆண்கள் ரவுண்ட் நெக் – அடுத்த கால் 7 நவம்பர்

வணக்கம். இன்று எங்கள் யூனிட்டுக்கு வந்ததற்கும், உங்கள் பழைய டி-ஷர்ட்டைக் காட்டிக் கழுத்துப் பிரச்சினையை விளக்கியதற்கும் நன்றி. அதை சாம்பிள் ரூமில் வைத்திருக்கிறோம்.

முடிவானவை: ஆண்கள் ரவுண்ட் நெக், 3 கலர், கலருக்கு 2,000 பீஸ். நூறு சதவீதம் காட்டன் சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம்., கூடக் குறைய 5 சதவீதம், ஃபினிஷிங் முடிந்து துவைப்பதற்கு முன் அளந்தது. கழுத்து 1x1 ரிப், லைக்ரா கலந்தது, அகலம் 2 செ.மீ.

முடிவாகாதவை: விலை. உங்கள் டார்கெட் எஃப்.ஓ.பி. 2.90 டாலர் என்று குறித்துக்கொண்டோம். எங்கள் காஸ்டிங்கைக் கீழே சொன்ன தேதியில் தருகிறோம். ஆர்கானிக் காட்டனா, சாதாரண காட்டனா என்பது. இரண்டுக்கும் தனித்தனியாக விலை தருகிறோம்.

நீங்கள் தர வேண்டியவை: பான்டோன் டி.சி.எக்ஸ். நம்பர்கள், அக்டோபர் 18 வெள்ளி. எம் சைஸ் அளவுகளோடு டெக் பேக், அக்டோபர் 21 திங்கள்.

நாங்கள் தர வேண்டியவை: காஸ்டிங், அக்டோபர் 23 புதன். லேப் டிப், கலருக்கு மூன்று ஷேடு, அக்டோபர் 25 வெள்ளி கூரியரில். எம் சைஸ் ஃபிட் சாம்பிள் இரண்டு, அக்டோபர் 29 செவ்வாய் கூரியரில். லேப் டிப், ஃபிட் சாம்பிள் தேதிகள் மேலே உள்ள உங்கள் தேதிகளைப் பொறுத்தவை. அக்டோபர் 31 தீபாவளி. அந்த வாரக் கடைசியில் டையிங்கும் சாம்பிள் ரூமும் விடுமுறை.

அடுத்த கால்: நவம்பர் 7, வியாழன், இந்திய நேரம் பகல் 2.30, ஜெர்மனி நேரம் காலை 10.00. அன்று லேப் டிப் அப்ரூவல், ஃபிட் கமென்ட், விலை ஆகிய மூன்றையும் பேசுவோம்.

இதில் திருத்தம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் லேப் டிப், சாம்பிள் வேலைகளை இதன்படி தொடங்குகிறோம்.

இவ்வளவுதான் மெயில். லேப்டாப் திரையில் ஒரு பக்கத்தைத் தாண்டாது.

நன்றி சொன்ன இடத்தைப் பாருங்கள். அந்தப் பழைய டி-ஷர்ட்டைப் பற்றி எழுதியது அலங்காரத்துக்காக இல்லை. பையர் கையில் கொண்டு வந்த சாம்பிள் அவருடைய சொத்து. அது யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் இல்லாவிட்டால், ஒரு மாதம் கழித்து "என் ஒரிஜினல் சாம்பிள் எங்கே" என்ற கேள்வி வரும். நன்றி சொல்லும் வரியிலேயே அந்தக் கணக்கும் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டோம் என்பதும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் புகழ்ச்சி வேண்டியதில்லை.

இந்த மெயிலின் உயிர் 180 ஜி.எஸ்.எம். வரியில் இருக்கிறது. மீட்டிங்கில் "180" என்று மட்டும்தான் பேச்சு. எல்லோரும் தலையாட்டினோம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். வட்டக் கட்டரால் துணியில் 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைப்போம். 1.80 கிராம் காட்டினால் 180 ஜி.எஸ்.எம். ஆனால் எந்த நிலையில் வெட்டிய வட்டம்? காம்பாக்டிங் முடிந்து ரோலாக வந்த துணியிலா, மூன்று தடவை வாஷிங் மெஷினில் போட்டு எடுத்த துணியிலா? காட்டன் சிங்கிள் ஜெர்சி துவைத்தால் சுருங்கும். சுருங்கினால் அதே எடை சின்னப் பரப்புக்குள் அடங்கும், ஜி.எஸ்.எம். ஏறும். நீளத்தில் 5 சதவீதமும் அகலத்தில் 3 சதவீதமும் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், துவைப்பதற்கு முன் 180 இருந்த துணி, துவைத்த பின் 195-க்கு வந்துவிடும்.

பேச்சில் இந்தக் கேள்வி எழவே இல்லை. எழுத உட்காரும்போதுதான் 180-க்குப் பக்கத்தில் ஏதாவது போட்டாக வேண்டும் என்று தோன்றும். எங்கள் யூனிட் வழக்கப்படி 'துவைப்பதற்கு முன்' என்று போட்டது மெயில். மறுநாளே ஏஜென்ட்டிடமிருந்து போன்.

"ஏனுங்க, நீங்க துவைக்கிறதுக்கு முன்னாடின்னு போட்டிருக்கீங்க. அவரு கேக்கறது துவைச்ச பின்னாடி 180-ங்க."

"அப்படீங்களா சார்? அப்ப அதையே ஒரு ரிப்ளையா போட்டு விடச் சொல்லுங்க, காஸ்டிங்கை மாத்திக்கறோம்."

ரிப்ளை வந்தது. துவைத்த பின் 180 வேண்டுமென்றால், அதே சுருக்கக் கணக்கில் துவைப்பதற்கு முன் 166 இருந்தால் போதும். துணி எடையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைகிறது. ஒரு பீஸுக்கு வேஸ்ட் சேர்த்து 200 கிராம் துணி என்று போட்டிருந்தால் 16 கிராம் மிச்சம். 6,000 பீஸுக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ துணி. எங்கள் நிட்டிங் மாஸ்டர் நூலையே 24 நம்பரிலிருந்து 26 நம்பருக்கு மாற்றலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். இது பல்க் துணி ஓட்டி, சாயம் போட்டு, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பிறகு தெரிய வந்திருந்தால்? பையர் துணி கனமாக இருக்கிறது என்பார், நாம் 180 தானே கேட்டீர்கள் என்போம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் மால் நின்றுவிடும்.

அதனால் முடிவுகளை எழுதும்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. பேசிய சொல்லை அப்படியே எழுதக் கூடாது. அளந்து பார்க்கக்கூடிய வடிவில், நாம் புரிந்துகொண்டபடி எழுத வேண்டும். நாம் புரிந்துகொண்டது தவறென்றால் அவர் திருத்துவார். வெறும் 180 என்று எழுதியிருந்தால் திருத்த அதில் ஒன்றுமே இருந்திருக்காது, அவரும் ஓகே என்றுதான் பதில் போட்டிருப்பார். கலர் விஷயமும் இப்படித்தான். 'நேவி' என்று எழுதினால் நேவியில் எத்தனையோ உண்டு. பான்டோனில் டி.சி.எக்ஸ். என்பது காட்டன் துணியில் சாயம் ஏற்றிய ஸ்வாட்ச், டி.பி.ஜி. என்பது பேப்பரில் அச்சிட்டது. பேப்பர் ஷேடைக் காட்டி லேப் டிப் கேட்டால் டையிங்காரர் தலையில் அடித்துக்கொள்வார். மெயிலில் 'டி.சி.எக்ஸ்.' என்ற மூன்றெழுத்து இருந்ததால் அந்த வம்பு இல்லை.

அடுத்து, முடிவாகாதவை. நம்மில் பெரும்பாலோர் எழுதாமல் விடும் பகுதி இது. முதல் மீட்டிங்கில் பாதி விஷயம் முடிவாகாது, அது இயல்பு. அதை எழுதாமல் விட்டால், அவரவர் தமக்குச் சாதகமாக முடிவானதாக நினைத்துக்கொள்வோம். விலையில் இது மோசமாகக் கடிக்கும். பையர் ஒரு டார்கெட் சொல்வார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம் சார்" என்பார். நம்மூரில் 'பார்க்கலாம்' என்றால் கஷ்டம் என்று அர்த்தம். ஜெர்மனிக்காரருக்கு அது சம்மதம் மாதிரிதான் கேட்டிருக்கும். பக்கத்து யூனிட்டில் நடந்ததாக ஒரு கதை ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நன்றி மெயிலில் மரியாதைக்காக 'நாம் பேசிக்கொண்டபடி' என்று தொடங்கி பையரின் டார்கெட் விலையையும் எழுதிவிட்டான். பி.ஓ. அதே விலைக்கு வந்து இறங்கியது. முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எப்பப் பேசிக்கிட்டோம்?"

மெயில்தானே, ஒப்பந்தமா என்ன என்று கேட்கலாம். இந்தியச் சட்டத்தில் மெயிலும் ஒப்பந்தமாகலாம். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 10-ஏ பிரிவு அதைச் சொல்கிறது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ட்ரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கு. பாக்சைட் சப்ளை பற்றி இரண்டு தரப்பும் மெயிலிலேயே பேசி முடித்திருந்தார்கள். முறையான பத்திரம் கையெழுத்தாகவில்லையே என்ற வாதத்தை நீதிபதி பி. சதாசிவம் ஏற்கவில்லை, மெயிலிலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றார். அதனால்தான் எங்கள் மெயிலில் 'டார்கெட் என்று குறித்துக்கொண்டோம்' என்று இருக்கிறது. 'ஒப்புக்கொண்டோம்' என்ற வார்த்தை விலைக்குப் பக்கத்திலேயே வராது.

ஆர்கானிக் வரியும் அதே ரகம். ஆர்கானிக் என்றால் நூலிலிருந்தே சர்ட்டிஃபிகேட் தொடர்ச்சி வேண்டும். காட்ஸ் சான்று உள்ள மில்லில் நூல் எடுத்து, சான்று உள்ள டையிங்கில் சாயம் போட்டு, கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் காகிதம் இருக்க வேண்டும். சாதாரண நூலில் துணி ஓட்டிய பிறகு "ஆர்கானிக்காக மாற்றிக் கொடுங்கள்" என்றால் முடியாது. முடிவாகவில்லை என்று எழுதி, இரண்டுக்கும் தனித்தனி விலை தருகிறோம் என்றும் சொல்லிவிட்டால், பையர் தன் ஆபீசில் போய்க் கேட்டு வருவார்.

தேதிகளுக்கு வருவோம். 'லேப் டிப் ஒரு வாரத்தில்' என்று எழுதுவது எங்கள் ஊரில் சகஜம். எந்த வாரம், எந்த நாளிலிருந்து? பான்டோன் நம்பர் வராமல் லேப் டிப் தொடங்க முடியாது. டெக் பேக் வராமல் பேட்டர்ன் மாஸ்டர் கத்தரியைத் தொட மாட்டார். அதனால் அவர்கள் தர வேண்டியதை முதலில் எழுதி, நாங்கள் தர வேண்டியதை அதற்குக் கீழே எழுதி, இது அதைப் பொறுத்தது என்று ஒரு வரி போட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் படிப்பவர், தான் ஒரு நாள் தாமதித்தால் என்ன தள்ளிப்போகும் என்று கேட்காமலே புரிந்துகொள்வார். அந்த டெக் பேக் திங்கட்கிழமைக்குப் பதில் புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் தள்ளினால் ஃபிட் சாம்பிள் அக்டோபர் 31, தீபாவளி அன்று விழுகிறது. அன்று யார் தைப்பது? லீவு முடிந்து நவம்பர் 5 என்று புதுத் தேதி போட்டு ஒரு வரி ரிப்ளை. ஒரு வாக்குவாதமும் இல்லை. தீபாவளியை முதல் மெயிலிலேயே சொல்லியிருந்தோம் அல்லவா?

தீபாவளியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு பையருக்கு அது ஒரு நாள் லீவு என்றுதான் தெரியும். இங்கே பஸ்ஸும் ரயிலும் நிரம்பி ஆள் ஊருக்குப் போய்த் திரும்பப் பல நாள் ஆகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் எழுத வேண்டும்.

காஸ்டிங் தேதியிலும் ஒரு நுணுக்கம். மில்கள் பொதுவாக மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கும். அக்டோபர் 23-இல் கொடுத்த விலை நவம்பரில் பொருந்தாமல் போகலாம். காஸ்டிங் ஷீட்டின் அடியில் 'இந்த விலை அக்டோபர் 31 வரை' என்று போட்டோம். நன்றி மெயிலில் அது தேவையில்லை, இடத்தை அடைக்கும்.

அடுத்த மீட்டிங் தேதியை எழுதுவதில் பலரும் கோட்டை விடுவது நேரத்தில். அக்டோபரில் ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். வித்தியாசம் நாலரை மணி ஆகிவிடும். 2024-இல் அது அக்டோபர் 27. மீட்டிங்கில் பேசும்போது மனக்கணக்கில் "உங்கள் 11 மணி, எங்கள் 2.30" என்று சொல்லியிருந்தோம். நவம்பர் 7 அன்று நமது 2.30 அவர்களுக்கு 10 மணி. மெயிலில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுத உட்கார்ந்தபோது இது தெரிந்தது. காலண்டர் இன்வைட்டும் உடனே போனது, அது கடிகார மாற்றத்தைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 7/11 என்று போட்டால் ஐரோப்பாவில் நவம்பர் 7, அமெரிக்காவில் ஜூலை 11.

அன்று எதைப் பேசப் போகிறோம் என்பதையும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. லேப் டிப்பை டி65 விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டியவர் வேறு ஆள், ஃபிட் பார்ப்பவர் வேறு ஆள். முன்கூட்டிச் சொன்னால் அந்த இருவரும் காலில் இருப்பார்கள். இல்லாவிட்டால் "கேட்டுச் சொல்கிறேன்" என்பதோடு கால் முடியும்.

கடைசி வரிக்கு ஒரு எல்லை உண்டு. 'திருத்தம் இல்லையென்றால் இதன்படி தொடங்குகிறோம்' என்று எழுதிவிட்டோம் என்பதற்காக, அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பதில் சொல்லாமல் இருப்பதையே ஏற்பாக ஒருவர் மேல் சுமத்த ஒப்பந்தச் சட்டம் இடம் தராது. அதனால்தான் அந்த வரியில் லேப் டிப்பும் சாம்பிளும் மட்டும் இருக்கின்றன. இரண்டும் எங்கள் செலவு, போனால் சில ஆயிரம் ரூபாய். நூல் புக்கிங் அந்த வரியில் வரவே கூடாது. அது பி.ஓ. கைக்கு வந்த பிறகுதான்.

இந்த மெயிலை டையிங்குக்கும் சாம்பிள் ரூமுக்கும் சி.சி. போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பையரின் டார்கெட் விலை டையிங்காரருக்கு எதற்கு? அவர்களுக்கு அவர்கள் தேதியை மட்டும் தனியாக அனுப்பினால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்றும் கேட்பார்கள். விரைவாகப் பேசுவதற்கு நல்லதுதான். ஆனால் வாய்ஸ் மெசேஜில் சொன்ன ஜி.எஸ்.எம்.மை மூன்று மாதம் கழித்துத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

இதை அப்படியே எடுத்து உங்கள் ஸ்டைலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: விலை வரியை உங்கள் முதலாளியிடம் ஒரு தடவை காட்டிவிட்டு சென்ட் பட்டனை அழுத்துங்கள்.